வராக்கடனை எழுதித் தள்ளினால் எந்த வரி திரும்பும், எது திரும்பாது

மார்ச் கடைசி வாரத்தில் கணக்கை முடிக்க உட்கார்ந்தால், வர வேண்டிய பாக்கிப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் வருஷா வருஷம் அதே தொகையோடு நிற்கும். போன் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் "அடுத்த வாரம்" என்பார்கள். ஒரு கட்டத்தில் நம்பரே உபயோகத்தில் இருக்காது. மதுரையில் நான் கணக்குப் பார்க்கும் கடைகளிலும் பட்டறைகளிலும் இப்படி ஒரு பெயராவது இல்லாத பேரேட்டைப் பார்ப்பது கஷ்டம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிப் பாகம் வார்க்கும் ஒரு கூட்டு நிறுவனத்தின் பேரேட்டிலும் ஒன்று இருந்தது. 2025 மார்ச்சில் அதன் பங்குதாரர்களில் மூத்தவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார்: "ஏண்ணே, சரக்கும் போச்சு, காசும் போச்சு. அதுக்கு ஜி.எஸ்.டி. வேற கட்டியிருக்கேன். எழுதித் தள்ளிட்டா கட்டின வரியாவது திரும்ப வருமா?"

ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வருமான வரிக்கு ஒரு பதில், ஜி.எஸ்.டி.க்கு வேறு பதில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் நோட்டீஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால் அவருடைய கணக்கையே எடுத்து விரித்துச் சொல்கிறேன். புரிவதற்காகத் தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட பில். வாங்கியது கோவைப் பக்கம் பம்ப் செட் செய்யும் ஒரு நிறுவனம். சரக்கின் மதிப்பு 5,00,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000, ஆக மொத்தம் 5,90,000. இரண்டும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் வரி பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநிலத்துக்கும் போகும். 45 நாள் தவணை. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று 1,18,000-க்கு ஒரு செக் வந்தது, பாஸும் ஆனது. அதற்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. 2023 கடைசியில் ஆள் அனுப்பிப் பார்த்தபோது ஷெட்டில் பூட்டு, வாசலில் வங்கியின் நோட்டீஸ். பேரேட்டில் நிற்பது 4,72,000. அதில் சரக்கு 4,00,000, வரி 72,000. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசி வரைக்கும் கதை இதைச் சுற்றித்தான் ஓடும்.

முதலில் ஜி.எஸ்.டி. எப்போது போனது என்று பார்ப்போம். சரக்கு விற்றால், பணம் வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. பில் போட்ட மாதத்துக்கே வரிப்பொறுப்பு பிறந்துவிடும். ஆகஸ்ட் பில்லுக்கு செப்டம்பர் 20-க்குள் GSTR-3B தாக்கல் செய்து 90,000-ஐயும் இவர் கட்டிவிட்டார், கொஞ்சம் ரொக்கமாக, மீதியைத் தன் கொள்முதலில் கிடைத்த வரி வரவில் கழித்து. ஆக கோவைக்காரர் முதல் செக் கொடுப்பதற்கு முன்பே அவருக்காக இவர் அரசுக்கு வரி கட்டி முடித்தாயிற்று.

வருமான வரியும் ஏறக்குறைய அப்படித்தான் போனது. 2022-23 நிதியாண்டின் விற்பனையில் இந்த 5,00,000 சேர்ந்தது, லாபத்தில் கலந்தது, அந்த லாபத்துக்குக் கூட்டு நிறுவனத்துக்கான 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்டப்பட்டது. கைக்கு வராத காசுக்கு இரண்டு வாசலிலும் வரி. வித்தியாசம் என்னவென்றால், ஒரு வாசல் மட்டும் பின்னால் திறக்கும்.

திறக்கிற வாசல் வருமான வரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 36(1)(vii) பிரிவு, வராக்கடனைக் கணக்கில் எழுதித் தள்ளிய ஆண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்தக் கணக்கு பழைய சட்டத்தின் காலத்தது.) பெரும்பாலானவர்களுக்கு ஒரு பயம் உண்டு: கடன் நிஜமாகவே வராது என்று நிரூபிக்க வேண்டுமே, கேஸ் போட்டுத் தோற்ற தீர்ப்பு வேண்டுமே, வக்கீல் நோட்டீஸ் வேண்டுமே என்று. ஒரு காலத்தில் அந்தப் பயம் நியாயம்தான். 1989 ஏப்ரல் 1-க்கு முன்பு, கடன் அந்த ஆண்டில்தான் வராமல் போனது என்று விற்றவர் காட்ட வேண்டியிருந்தது. நீங்கள் 1986 என்றால் அதிகாரி 1984 என்பார். அவர் சொல்லும் ஆண்டின் கணக்கு முடிந்து போயிருக்கும். அந்த இழுபறியை ஒழிக்கத்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2010-ல் டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒரே வரியில் முடித்துவைத்தது: கடன் வராது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வராது என்று கணக்கில் எழுதித் தள்ளியிருந்தால் போதும். 2016 மே மாதம் நேரடி வரிகள் வாரியமும் சுற்றறிக்கை எண் 12 மூலம் இதையே தன் அதிகாரிகளுக்குச் சொன்னது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தள்ளலாம் என்று அர்த்தமில்லை. மச்சான் கடைக்குக் கொடுத்த சரக்கை மார்ச்சில் வராக்கடன் என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் அதே கடைக்கு மறுபடியும் கடனுக்கு லோடு ஏற்றினால், அந்த எழுத்து நிஜமா நாடகமா என்று அதிகாரி கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிலாகாது.

இரண்டாவது நிபந்தனை 36(2)-ல் இருக்கிறது. ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எழுதித் தள்ளும் தொகை, அந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டுகளிலோ உங்கள் வருமானத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். விற்பனையாகக் காட்டி வரி கட்டிய தொகை என்றால் சரி. மெஷின் வாங்குவதற்கு முன்பணம் கொடுத்து, மெஷின்காரர் காணாமல் போயிருந்தால் அது வராக்கடன் ஆகாது. அந்த முன்பணம் உங்கள் வருமானமாக ஒருநாளும் இருந்ததில்லை. ரொக்க அடிப்படையில், அதாவது பணம் வந்தால் மட்டுமே வரவு எழுதும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இந்தக் கழிவு கிடையாது. வராத பீஸை அவர்கள் வரவாகவே எழுதவில்லையே.

மாசி வீதிகளில் உள்ள சின்னக் கடைக்காரர்கள் பலருக்கும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 44AD பிரிவின் கீழ் விற்பனையில் 8 சதவீதமோ, வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமோ லாபம் என்று காட்டி வரி கட்டுபவர்கள் வராக்கடனைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்த சதவீதத்துக்குள் கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு லட்சம் போனாலும் இருபது லட்சம் போனாலும் கணக்கு அதேதான்.

கப்பலூர்க்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. முறையான பேரேடு, தணிக்கை, விற்பனையில் சேர்ந்த தொகை எல்லாம் இருந்தன. புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் இந்தக் கழிவு போய்விடுமா என்று கேட்டார். போகாது. அந்த முறையில் போவது இன்சூரன்ஸ், பி.எஃப். மாதிரியான சொந்தச் சேமிப்புக் கழிவுகள். இது வியாபாரச் செலவு. அதுவுமில்லாமல் அந்த முறைத் தேர்வு கூட்டு நிறுவனத்துக்குப் பொருந்துவதும் இல்லை.

இனி எழுதும் விதத்துக்கு வருவோம். "எழுதித் தள்ளுதல்" என்பதைச் சட்டம் சொல்லளவில் எடுத்துக்கொள்வதில்லை. பேரேட்டில் நடந்திருக்க வேண்டும். பலர் செய்வது இது: லாப நட்டக் கணக்கில் "வராக்கடனுக்கான ஒதுக்கீடு" என்று ஒரு தொகையைச் செலவாகப் போட்டுவிட்டு, இருப்புநிலைக் குறிப்பின் கடன் பக்கத்தில் அதே தொகையை ஒதுக்கீடாகக் காட்டுவார்கள். கடனாளி பாக்கி மறுபக்கத்தில் முழுசாக அப்படியே நிற்கும். இது ஒதுக்கீடு. வியாபாரிக்கு இதற்குக் கழிவு கிடையாது என்று 36(1)(vii)-இன் விளக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. லாபத்தில் செலவாகப் போட்டு, அதே நேரத்தில் கடனாளிகள் தொகையிலிருந்தும் குறைத்தால்தான் எழுதித் தள்ளியதாகும். 2010-லேயே விஜயா வங்கி வழக்கில், ஒவ்வொரு கடனாளியின் தனிக் கணக்கையும் மூட வேண்டியதில்லை, மொத்தக் கடனாளித் தொகையில் குறைத்துக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஆயிரக்கணக்கில் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குச் சரி. நாற்பது பார்ட்டி வைத்திருக்கும் பட்டறைக்கு அந்தப் பார்ட்டியின் கணக்கையே மூடிவிடுவதுதான் சுத்தம்.

நாங்கள் 2025 மார்ச் 31 தேதியில் டேலியில் F7 அழுத்தி ஜர்னல் வவுச்சர் போட்டோம். எழுதியது இவ்வளவுதான்:

```
வராக்கடன் - சரக்கு மதிப்பு      பற்று   4,00,000
வராக்கடன் - வசூலாகாத ஜி.எஸ்.டி.  பற்று     72,000
    பார்ட்டி கணக்கு              வரவு            4,72,000
```

ஒரே வராக்கடன் தலைப்பில் 4,72,000-ஐயும் போட்டிருக்கலாம், பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் பின்னால் வரும். இங்கே கவனிக்க வேண்டியது, வரியாகக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. லெட்ஜரை இந்த வவுச்சரில் தொடவே இல்லை என்பது. அதைத் தொட்டால் அடுத்த ரிட்டனில் வரி குறையும். குறைய உரிமை இல்லை.

பார்ட்டி கணக்கில் பில் வாரியாகப் பாக்கி வைத்திருந்தால், அந்த 2022 ஆகஸ்ட் பில் நம்பருக்கு எதிராகவே வரவை ஒட்ட வேண்டும். "புதிய ரெஃபரன்ஸ்" என்று போட்டால் மொத்தம் சுழியாகத் தெரியும், ஆனால் பழைய பில் ஒரு பக்கம் பாக்கியாகவும் இந்த வரவு இன்னொரு பக்கம் உபரியாகவும் பட்டியலில் நிற்கும். தணிக்கையில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வருமான வரி முடிந்தது. 4,00,000-க்கு 31.2 சதவீதம் என்றால் 1,24,800 ரூபாய் அந்த ஆண்டு வரியில் குறையும். 2022-23-ல் கட்டிய வரி திரும்ப வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய ரிட்டனைத் திருத்துவது கிடையாது. 2024-25-இன் லாபத்தில் கழிகிறது, அவ்வளவுதான். அந்த ஆண்டு நட்டம் என்றால் நட்டத்தோடு சேர்ந்து அடுத்த ஆண்டுகளுக்குப் போகும்.

இனி திறக்காத வாசல்.

"அப்ப அந்த 72,000?" என்று அவர் கேட்டதும் அவருடைய பழைய கணக்கர் சொல்லியிருந்த யோசனையையும் சொன்னார்: ஒரு கிரெடிட் நோட் போட்டுவிட்டால் வரி குறைந்துவிடும் என்று. நான் பார்த்தவற்றில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான். டேலியில் Alt+F6 அழுத்தி, பார்ட்டி பெயரில் 4,00,000-க்கும் 72,000 வரிக்கும் கிரெடிட் நோட் போட்டால் அது தானாகவே GSTR-1-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதம் GSTR-3B-ல் கட்ட வேண்டிய வரியில் 72,000 குறையும். யாரும் தடுக்க மாட்டார்கள். சாஃப்ட்வேர் "ஏன்" என்று கேட்காது.

சட்டம் கேட்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-வது பிரிவு கிரெடிட் நோட்டை எப்போது போடலாம் என்று காரணங்களை எண்ணி வைத்திருக்கிறது: பில்லில் மதிப்போ வரியோ அதிகமாகப் போட்டிருந்தால், சரக்கு திரும்பி வந்தால், சரக்கிலோ சேவையிலோ குறை இருந்தால். பணம் வராதது அந்தப் பட்டியலில் இல்லை. கழிவு கொடுத்ததாகக் காட்டலாமே என்பார்கள். விற்ற பிறகு கொடுக்கும் கழிவுக்கு 15(3) பிரிவு தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று, வாங்கியவர் அதற்கான வரி வரவைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும் என்பது. பூட்டிய ஷெட்டுக்குள்ளிருந்து யார் திருப்பிக் கட்டுவது? இதெல்லாம் போக, கிரெடிட் நோட்டின் மூலம் வரியைக் குறைக்கக் கெடுவும் உண்டு. 2022-23 நிதியாண்டு பில்லுக்கு 2023 நவம்பர் 30 கடைசி நாள். மூன்றாவது வருஷம் எழுதித் தள்ளும்போது அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது. 2025 நிதிச் சட்டம் இன்னும் கறாராக்கியிருக்கிறது: வாங்கியவர் வரி வரவைத் திருப்பியிருந்தால் ஒழிய விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இப்படிப் போட்டவர்களுக்கு என்ன ஆகும் என்றால், ஓரிரு ஆண்டு கழித்துத் தணிக்கையில் அல்லது ரிட்டன் சரிபார்ப்பில் "சரக்கு திரும்பி வந்ததற்கான லாரி ரசீது எங்கே, இ-வே பில் எங்கே, ஸ்டாக்கில் ஏறியது எங்கே" என்று கேட்பார்கள். காட்ட எதுவும் இருக்காது. 72,000-ஐயும் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் மேலே அபராதத்தையும் கட்டச் சொல்வார்கள். வட்டி மட்டும் இரண்டு வருஷத்துக்கு 25,920 ரூபாய். இன்னொரு விபரீதமும் உண்டு: கிரெடிட் நோட் போட்டதால் புத்தகத்தில் விற்பனையே குறைந்துவிடும், வராக்கடன் என்று ஒன்று இருக்காது. அப்போது வருமான வரியில் கிடைத்திருக்க வேண்டிய நேர்மையான கழிவும் சந்தேகத்துக்குள் போகும்.

இந்தக் குழப்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குழப்பமும் இருக்கிறது. 17(5)(h) பிரிவில் "எழுதித் தள்ளிய சரக்கு" என்ற சொல் வருகிறது. தொலைந்த, திருடுபோன, அழிந்த, எழுதித் தள்ளிய சரக்குக்கு வரி வரவு கிடையாது என்று. இதைப் படித்துவிட்டு, வராக்கடன் எழுதினால் அந்தச் சரக்கு செய்ய வாங்கிய ரப்பருக்கும் கெமிக்கலுக்கும் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தப் பிரிவு பேசுவது குடோனில் கெட்டுப்போன சரக்கைப் பற்றி. இங்கே சரக்கு விற்று, வரியும் கட்டி, போயாயிற்று. எழுதித் தள்ளுவது கடனைத்தான்.

கோவைக்காரர் பக்கம் என்ன நடக்க வேண்டும் என்று பார்த்தால் இந்தச் சட்டத்தின் சாய்வு தெரியும். வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காத பங்குக்கான வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 16(2) பிரிவும் 37-வது விதியும் சொல்வது இது. நம் பில்லுக்கு 180 நாள் 2023 பிப்ரவரி 8 அன்று முடிந்தது. பாக்கிக்கான 72,000-ஐ அவர் அதற்கடுத்த ரிட்டனில் திருப்பியிருக்க வேண்டும். திருப்பினால் என்ன ஆகும்? விற்றவரிடம் 72,000 அரசுக்கு ஏற்கனவே வந்தாயிற்று. வாங்கியவரிடமிருந்து அதே 72,000 மறுபடி வருகிறது. ஒரே சரக்கின் ஒரே வரி இரண்டு பக்கமும். பிறகு அவர் பணம் கொடுத்தால் வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கவே இல்லை என்றால் இரண்டும் அரசிடமே. பிரிட்டனில் வாட் வரிக்கு வராக்கடன் நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. பணம் ஆறு மாதத்துக்கு மேல் வராமல், கணக்கிலும் எழுதித் தள்ளியிருந்தால், கட்டிய வரியை விற்றவர் திரும்பக் கேட்கலாம். வாங்கியவர் தன் பக்கத்தில் திருப்பிக் கட்டுவார். ஒருவர் வாங்க, ஒருவர் கட்ட, சரியாகப் போகும். நம் சட்டம் அதில் வாங்கியவர் கட்டும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. மாற்ற வேண்டிய இடம் இது. மாறும் வரைக்கும் வரவில்லை என்றால் வரவில்லைதான்.

அப்படியானால் அந்த 72,000 வருமான வரியிலாவது கழியுமா? இதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கில் சேராமல் தனி லெட்ஜரில் போனது, எனவே அது வருமானத்தில் சேர்ந்த தொகை அல்ல, 36(2) நிபந்தனை நிறைவேறாது என்பார்கள். மறுபக்கம், வியாபாரத்துக்காகக் கைக்காசைப் போட்டுக் கட்டிய வரி வசூலாகாமல் போனது வியாபார நட்டம்தான், வராக்கடன் என்று சொல்லாவிட்டால் நட்டம் என்று சொல்லிக் கழிக்கலாம் என்பார்கள். 145A பிரிவு விற்பனையை வரியோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்வதையும் துணைக்கு இழுப்பார்கள். எனக்கு இரண்டாவது வாதம் நியாயமாகப் படுகிறது. ஆனால் 72,000-க்கு 31.2 சதவீதம் 22,464 ரூபாய். அதற்காக ஒரு மேல்முறையீடு வரைக்கும் போகத் தயாரா என்பதைக் கட்சிக்காரர்தான் சொல்ல வேண்டும். எங்கள் கட்சிக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு "வேணாம்ணே, அந்த நாலு லட்சத்துக்கு மட்டும் போடுங்க" என்றார். 72,000-ஐ வருமானக் கணக்கீட்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டோம். இரண்டு லெட்ஜராகப் பிரித்து வைத்திருந்ததால் அது ஒரு நிமிஷ வேலை.

கணக்கில் எழுதித் தள்ளியதால் கடன் செத்துவிடுவதில்லை என்பதை வியாபாரிகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். பேரேட்டில் மூடுவது நம் வீட்டு விஷயம். கடனாளிக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "உங்கள் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டோம்" என்று கடிதம் எழுதினால்தான் உரிமை போகும். அப்படி யாரும் எழுதிவிடாதீர்கள். கவனிக்க வேண்டியது காலாவதி. தவணைக்கு விற்ற சரக்குக்கு, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். நம் பில்லின் 45 நாள் 2022 செப்டம்பர் 26-ல் முடிந்தது, ஆக 2025 செப்டம்பர் 26 கெடு. ஆனால் காலாவதியாவதற்குள் கடனாளி கையெழுத்திட்டு ஒரு பகுதி கொடுத்தால் மூன்று ஆண்டு அந்த நாளிலிருந்து புதிதாக ஓடும். டிசம்பர் 5 செக் இங்கேதான் உதவியது. அவர் கையெழுத்துப் போட்ட செக் என்பதால் கெடு 2025 டிசம்பர் 5 வரை நீண்டது. அந்தச் செக்கின் நகலை வங்கியிலிருந்து வாங்கி ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

கப்பலூர் நிறுவனம் உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர். இப்படிப்பட்டவர்களுக்குச் சிவில் கோர்ட்டைத் தவிர இன்னொரு வழி, குறு சிறு தொழில்களுக்கான வசதிக் கவுன்சில். தமிழ்நாட்டில் அதற்கு மதுரையிலும் ஒரு மண்டலக் கவுன்சில் இருக்கிறது. விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கும் என்பதால் கோவைக்கு ஓட வேண்டியதில்லை. சட்டப்படி கேட்கக்கூடிய வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டி வட்டிக்கு வட்டி. அந்த வட்டிக் கணக்கைப் பார்த்த பிறகுதான் பல கடனாளிகள் போனை எடுக்கிறார்கள். பழைய கோவை நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் வேறு இடத்தில் சின்னதாகத் தொழில் ஆரம்பித்திருந்தார். கவுன்சிலில் மனு போட்டு, சமரசத்தில் 1,50,000 ரூபாய்க்கு முடிந்தது. பணம் 2025 நவம்பரில் வந்தது.

இப்போது அதற்கு வரி. எழுதித் தள்ளிய கடன் பின்னால் வந்தால் வருமானமாகச் சேர்க்க வேண்டும் என்று 41(4) பிரிவு சொல்கிறது. முழுத் தொகையையும் சேர்க்க வேண்டும் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். பிரிவை நிதானமாகப் படித்தால் கணக்கு வேறு. மொத்தக் கடன் எவ்வளவு, அதில் வரியில் கழிக்க அனுமதித்தது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் விட்டுவிட வேண்டும். வந்த பணம் அந்த வித்தியாசத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குதான் வருமானம். நம் கணக்கில் கடன் 4,72,000, கழிந்தது 4,00,000, வித்தியாசம் 72,000. வந்த 1,50,000-ல் அந்த 72,000 போக 78,000-க்கு மட்டும் வரி, 24,336 ரூபாய். முழுசாக எழுதியிருந்தால் 46,800 கட்டியிருப்பார்.

ஒரு வேடிக்கை கவனியுங்கள். கழிக்க வேண்டாம் என்று நாங்கள் விட்டுக்கொடுத்த 72,000 இங்கே சத்தமில்லாமல் திரும்பிவிட்டது. 4,00,000 கழித்து 78,000 சேர்த்தால் நிகரமாகக் கழிந்தது 3,22,000. அவர் கடைசியில் இழந்ததும் சரியாக அந்த 3,22,000-தான். வராக்கடன் ஓரளவாவது வசூலாகும் என்று நம்பிக்கை இருந்தால், ஜி.எஸ்.டி. பங்குக்காக ஆரம்பத்திலேயே மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். எதுவுமே வராது என்றால் கணக்கு மாறும். அப்போது அந்த 22,464-க்குப் போராடுவதில் அர்த்தம் இருக்கலாம்.

வந்த பணத்துக்கு மறுபடி ஜி.எஸ்.டி. கிடையாது. அது 2022 செப்டம்பரிலேயே கட்டியாயிற்று. ரசீது வவுச்சரில் பார்ட்டி பெயருக்கு எதிராக எழுதினால் மூடிய கணக்கு மறுபடி திறந்து 1,50,000 உபரியாக நிற்கும், யாரோ அதை முன்பணம் என்று நினைத்துக்கொள்வார்கள். "வசூலான வராக்கடன்" என்று ஒரு லெட்ஜர் திறந்து நேராக அதில் வரவு வைத்தோம். விவரக் குறிப்பில் பழைய பில் நம்பரும் 2025 மார்ச் 31 ஜர்னல் நம்பரும் எழுதச் சொன்னேன். மூத்த பங்குதாரர் சமரசப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தபோது பேரேட்டில் அந்தப் பெயரைத் தேடினார். சுழியில் நின்ற கணக்குகள் பட்டியலில் காட்டாதபடி வைத்திருந்தேன். "எங்கண்ணே அவரு பேரு?" என்றார்.